இலாபம் 3,60,000, கையில் 90,000: ரொக்க ஓட்ட அறிக்கையைச் சரிகட்டுவது எப்படி?

கடன் உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் சிறுதொழில் சகோதரர்கள் பெரும்பாலும் இரண்டு கணக்குகளைக் கொண்டு வருகிறார்கள். ஒன்று இலாப நட்டக் கணக்கு. மற்றொன்று இருப்புநிலைக் குறிப்பு. இரண்டையும் பார்த்த பிறகும் எங்களுக்கு ஒரு கேள்வி மிஞ்சிவிடுகிறது. "இலாபம் வந்திருக்கிறது, சரி. அந்தப் பணம் எங்கே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் ரொக்க ஓட்ட அறிக்கை. சிறு நிறுவனம், தனிநபர் நிறுவனம் போன்றவற்றுக்கு 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டமே இந்த அறிக்கையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்யாமல் சொந்தமாகத் தறி ஓட்டுபவரை அந்தச் சட்டம் கேட்கப் போவதே இல்லை. ஆனாலும் கடன் வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் இதைவிடப் பயனுள்ள கணக்கு வேறில்லை. பிறர் நம்மிடம் அமானத்தாகத் தந்த பணத்திலிருந்து கடன் கொடுக்கும்போது, அது திரும்பி வருமா என்று இதை வைத்துத்தான் எங்களால் பார்க்க முடிகிறது.

அறிக்கையின் அடிப்படை ஒரே வரிதான்:

தொடக்க ரொக்கம் + இயக்க ஓட்டம் + முதலீட்டு ஓட்டம் + நிதி ஓட்டம் = இறுதி ரொக்கம்

ரொக்கம் என்றால் பெட்டியில் உள்ள பணமும் வங்கி நடப்புக் கணக்கில் உள்ள பணமும் சேர்ந்தது. தொழிலில் அன்றாடம் வருவதும் போவதும் இயக்க ஓட்டம். தறி, கட்டடம் போன்றவற்றை வாங்குவதும் விற்பதும் முதலீட்டு ஓட்டம். கடன் வாங்குவது, கடனை அடைப்பது, உரிமையாளர் பணம் போடுவது, எடுப்பது ஆகியவை நிதி ஓட்டம். ஒரு வருடத்தில் நகர்ந்த ஒவ்வொரு ரூபாயும் இந்த மூன்று பெட்டிகளில் ஒன்றில் மட்டும், ஒரு தடவை மட்டும் விழ வேண்டும். நகராத ரூபாய் எதிலும் விழக் கூடாது. கூட்டல் ஒத்து வராதபோதெல்லாம் இந்த இரண்டில் ஒன்றுதான் மீறப்பட்டிருக்கும், இல்லையென்றால் எழுத்துப் பிழையாக இருக்கும்.

ஒரு தறிக்கூடத்தின் கணக்கு

வெண்ணந்தூர்ப் பக்கம் சொந்த நூல் போட்டு நெய்யும் ஒரு சிறிய விசைத்தறிக் கூடத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணக்கு விளங்குவதற்காக எண்களை நாங்களே அமைத்திருக்கிறோம். காலம் 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை.

தொடக்கத்தில் பெட்டியில் 18,000 ரூபாய், வங்கியில் 1,32,000 ரூபாய். ஆகத் தொடக்க ரொக்கம் 1,50,000. வருட முடிவில் பெட்டியில் 12,000, வங்கியில் 78,000. ஆக இறுதி ரொக்கம் 90,000. இலாப நட்டக் கணக்கோ 3,60,000 ரூபாய் நிகர இலாபம் காட்டுகிறது. அதாவது இலாபம் வந்த வருடத்தில் ரொக்கம் 60,000 குறைந்திருக்கிறது. இந்த 60,000 எப்படிக் குறைந்தது என்பதை மூன்று பெட்டிகளும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

முதல் பெட்டி: இயக்க ஓட்டம்

இலாபத்திலிருந்து தொடங்குவோம். இலாபத்தைக் கணக்கிட்டபோது, ரொக்கம் நகராத சில தொகைகளும், வேறு பெட்டியைச் சேர்ந்த சில தொகைகளும் அதற்குள் கலந்துவிட்டன. முதலில் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும்.

தறிகளின் தேய்மானம் 1,20,000 ரூபாய் செலவாகக் கழிக்கப்பட்டிருக்கிறது. தேய்மானத்தை யாரும் கையில் வாங்கிக்கொண்டு போகவில்லை. அதனால் அதைத் திரும்பக் கூட்டுகிறோம்.

வங்கிக் கடனுக்குக் கட்டிய வட்டி 24,000. இது கையை விட்டுப் போன பணம்தான். ஆனால் நம் நாட்டின் கணக்கியல் தரநிலை 3, நிதி நிறுவனம் அல்லாதவர்கள் கட்டும் வட்டியை நிதி ஓட்டத்தில் வைக்கச் சொல்கிறது. எனவே இங்கே கூட்டிவிட்டு, அங்கே கழிக்க வேண்டும். வட்டியில்லாக் கடன் மட்டும் வாங்கியவருக்கு இந்த வரியே வராது. அசல் தவணை மட்டும் நிதிப் பெட்டியில் இருக்கும்.

பழைய தறி ஒன்று விற்கப்பட்டது. ஏட்டில் அதன் மதிப்பு 30,000, விற்ற விலை 45,000. வித்தியாசமான 15,000 ரூபாய் இலாபத்தில் சேர்ந்திருக்கிறது. விற்ற பணம் 45,000 முழுவதும் முதலீட்டுப் பெட்டியில் வரப்போவதால் இந்த 15,000ஐ இங்கே கழித்துவிட வேண்டும். கழிக்காவிட்டால் ஒரே பணம் இரண்டு தடவை எண்ணப்படும்.

இப்போது 3,60,000 + 1,20,000 + 24,000 − 15,000 = 4,89,000.

அடுத்து, கடனுக்கு விற்றதும் வாங்கியதும். வருடத் தொடக்கத்தில் துணி வியாபாரிகளிடமிருந்து 2,40,000 வரவேண்டியிருந்தது. முடிவில் அது 3,90,000. அப்படியென்றால் 1,50,000 ரூபாய்க்கு விற்பனை எழுதி, இலாபமும் எடுத்தாயிற்று, பணம் மட்டும் வரவில்லை. எனவே அதைக் கழிக்கிறோம். நூலும் துணியுமாகச் சரக்கிருப்பு 1,80,000லிருந்து 2,40,000 ஆகியிருக்கிறது. கூடுதலான 60,000 ரூபாய் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அதையும் கழிக்கிறோம். நூல் கடைக்குத் தரவேண்டிய பாக்கி 1,60,000லிருந்து 2,00,000 ஆகியிருக்கிறது. இது எதிர்த்திசை. நூல் வந்துவிட்டது, 40,000 ரூபாய் இன்னும் நம் கையில் இருக்கிறது. அதனால் கூட்டுகிறோம்.

4,89,000 − 1,50,000 − 60,000 + 40,000 = 3,19,000. இதுதான் இயக்க ஓட்டம்.

இரண்டாவது பெட்டி: முதலீட்டு ஓட்டம்

புதிய தறி 5,00,000 ரூபாய். அதில் 3,50,000ஐ வங்கி கடனாக அனுமதித்து, தறி விற்றவருக்கு நேரடியாகவே அனுப்பிவிட்டது. தறிக்காரர் தன் கணக்கிலிருந்து கொடுத்தது 1,50,000 மட்டும்.

இந்த 3,50,000 அவருடைய பெட்டிக்குள்ளும் வரவில்லை, பெட்டியை விட்டும் போகவில்லை. ஆகவே முதலீட்டுப் பெட்டியில் 5,00,000 என்று எழுதக் கூடாது. நிதிப் பெட்டியில் 3,50,000 கடன் வரவு என்றும் எழுதக் கூடாது. ரொக்கம் நகராத பரிமாற்றத்தை அறிக்கைக்குள் சேர்க்காமல் தனியே குறிப்பிட வேண்டும் என்பதே தரநிலை 3இன் விதி. அறிக்கையின் அடியில் "வங்கி நேரடியாகச் செலுத்திய தறிக் கடன் 3,50,000" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தறிக்குக் கொடுத்தது −1,50,000, பழைய தறி விற்று வந்தது +45,000. முதலீட்டு ஓட்டம் −1,05,000.

மூன்றாவது பெட்டி: நிதி ஓட்டம்

பழைய கடனில் அசல் அடைத்தது 70,000. வட்டி 24,000. வீட்டுச் செலவுக்காக உரிமையாளர் எடுத்தது 1,80,000. மூன்றும் வெளியே போனவை. நிதி ஓட்டம் −2,74,000.

வீட்டுக்கு எடுத்த பணத்தைத் தொழிற்செலவோடு சேர்த்து எழுதும் வழக்கம் நம்மிடையே அதிகம். மொத்தக் கூட்டல் அப்போதும் சரியாகவே வரும். ஆனால் தறிக்கூடம் சம்பாதித்த ரொக்கம் 3,19,000 என்பதற்குப் பதிலாக 1,39,000 என்று காட்டும். தொழில் பலவீனமா, வீட்டுச் செலவு அதிகமா என்பதைப் பிரித்துப் பார்க்கவே முடியாமல் போய்விடும்.

சேர்த்துப் பார்ப்போம்

தொடக்க ரொக்கம்: 1,50,000
இயக்க ஓட்டம்: +3,19,000
முதலீட்டு ஓட்டம்: −1,05,000
நிதி ஓட்டம்: −2,74,000
இறுதி ரொக்கம்: 90,000

ஏட்டில் உள்ள 12,000ம் 78,000ம் சேர்ந்து 90,000. கணக்கு ஒத்துப் போகிறது.

ஒத்துப் போகவில்லை என்றால்

முதல் தடவையிலேயே ஒத்துப் போவது அபூர்வம். அப்போது சிலர் "இதரச் செலவு" என்று ஒரு வரி போட்டு வித்தியாசத்தை மூடிவிடுவார்கள். அப்படிச் செய்யவே கூடாது. பிழை எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த வித்தியாசத் தொகைதான் துப்பு. அதை ஒரு தாளில் பெரிதாக எழுதிவைத்துக்கொண்டு நான்கு சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

ஒன்று, அதே தொகை கணக்கில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். நம் உதாரணத்தில் இறுதி ரொக்கம் 1,05,000 என்று வந்தால் 15,000 அதிகம். பழைய தறி விற்ற இலாபத்தைக் கழிக்க மறந்துவிட்டோம் என்று உடனே தெரிந்துவிடும். 66,000 என்று வந்தால் 24,000 குறைவு. வட்டியை மேலே கூட்டாமல் கீழே மட்டும் கழித்திருக்கிறோம். 4,40,000 என்று வந்தால் 3,50,000 அதிகம். தறிக்குக் கொடுத்ததை 1,50,000 என்று சரியாக எழுதிவிட்டு, கடன் வரவை மட்டும் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறோம்.

இரண்டு, வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். இறுதி ரொக்கம் 10,000 என்று வந்தால் 80,000 குறைகிறது. 80,000 என்ற தொகை எங்கும் இல்லை, ஆனால் அதில் பாதியான 40,000 இருக்கிறது. நூல் கடைப் பாக்கி கூடியதைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்திருக்கிறோம். குறி மாறினால் வித்தியாசம் எப்போதும் இரண்டு மடங்காகத்தான் வரும். கடனாளிகள், சரக்கு, பாக்கி ஆகிய மூன்று வரிகளில்தான் இந்தப் பிழை அதிகம் நேர்கிறது. சந்தேகம் வந்தால் "இது கூடியதால் என் பெட்டியில் பணம் கூடியதா, குறைந்ததா" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று, ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். 1,20,000 என்பதை 1,02,000 என்று எழுதிவிட்டால் வித்தியாசம் 18,000. இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். வகுபட்டால் இடமாற்றம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

நான்கு, பெட்டிக்கும் வங்கிக்கும் இடையே நடந்ததைப் பாருங்கள். வசூலான ரொக்கத்தை வங்கியில் கட்டும்போது ரொக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு சட்டைப் பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது. டேலியில் இதற்குத்தான் கான்ட்ரா பதிவு இருக்கிறது. அதை விட்டுவிட்டு வங்கியில் கட்டியதை "வரவு" என்று எழுதினால் அந்தத் தொகை அப்படியே அதிகமாக நிற்கும்.

இந்த நான்கிலும் பிடிபடாவிட்டால் இரண்டு பிழைகள் ஒன்றாகக் கலந்திருக்கலாம். அப்போது இருப்புநிலைக் குறிப்பின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, வருடத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள மாற்றத்தை விளக்க வேண்டும். தறிகளின் மதிப்பை இப்படிப் பார்க்கலாம். தொடக்கத்தில் 8,00,000 இருந்தது. விற்ற தறியின் 30,000ஐக் கழித்து, புதிய தறியின் 5,00,000ஐக் கூட்டி, தேய்மானம் 1,20,000ஐக் கழித்தால் 11,50,000. கடன் 2,00,000 இருந்தது. 3,50,000 கூடி, 70,000 குறைந்து 4,80,000 ஆனது. இப்படி ஒவ்வொரு வரியும் விளங்கிவிட்டால் ரொக்கமும் தானே விளங்கிவிடும். எந்த வரி விளங்கவில்லையோ, பிழை அங்கேதான் இருக்கிறது.

ஒத்துப் போனால் மட்டும் போதுமா?

போதாது. கூட்டல் சரி என்பது ஏட்டுக்கும் ஏட்டுக்கும் உள்ள பொருத்தம்தான். ஏட்டில் எழுதியுள்ள பணம் உண்மையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இதை நாடே பார்த்தது. 2009 ஜனவரி 7 அன்று ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி ஏடுகளில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று இருப்பதாகவும், அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்றும் அதில் ஒப்புக்கொண்டார். தணிக்கை செய்யப்பட்ட, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் அது. ஆண்டுதோறும் அதன் கணக்குகள் ஒத்துத்தான் போயின. வருமானத்தையும் இல்லாமல் எழுதி, இருப்பையும் இல்லாமல் எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும், கூட்டலில் பிழையே தெரியாது. 2015 ஏப்ரலில் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் அவரையும் மற்றும் சிலரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

ஆகவே கடைசிப் படி ஏட்டுக்கு வெளியே நடக்க வேண்டும். மார்ச் 31 அன்று இரவு பெட்டியில் உள்ள பணத்தை இருவர் எண்ணி, நோட்டு வாரியாக எழுதிக் கையொப்பமிட வேண்டும். வங்கி இருப்பைத் தறிக்காரர் தரும் நகலை வைத்துப் பார்க்காமல், வங்கி தந்த கணக்கு அறிக்கையை வைத்தே பார்க்க வேண்டும்.

நம் உதாரணத்தில் ஏட்டில் வங்கி இருப்பு 78,000. வங்கி அறிக்கையில் 98,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூல் கடைக்குக் கொடுத்த 20,000 ரூபாய்க் காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை. 98,000லிருந்து 20,000 கழித்தால் 78,000. இதுவே வங்கிச் சரிகட்டும் பட்டியல். இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காசோலை ஏப்ரலில் வங்கிக்குப் போயிருக்கிறதா என்று அடுத்த மாத அறிக்கையிலும் பாருங்கள். 2012 ஏப்ரல் முதல் காசோலையின் ஆயுள் மூன்று மாதம்தான். அதற்குள் போகவில்லை என்றால் காலாவதியாகிவிடும். அந்த 20,000ஐத் திரும்ப ரொக்கத்திலும், நூல் கடைப் பாக்கியிலும் சேர்த்து எழுத வேண்டும்.

அறிக்கை சொல்லும் செய்தி

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பணம் எங்கே போயிற்று?

தறிக்கூடம் ஈட்டிய ரொக்கம் 3,19,000. வீட்டுச் செலவு 1,80,000 போக மிச்சம் 1,39,000. கடன் தவணைக்கும் வட்டிக்கும் 94,000 போக மிச்சம் 45,000. பழைய தறி விற்ற 45,000ஐச் சேர்த்தால் 90,000. புதிய தறிக்கு 1,50,000 கொடுத்தபோதுதான் 60,000 பள்ளம் விழுந்தது. அதே வருடத்தில் வியாபாரிகளிடம் கூடுதலாகத் தேங்கியதும் சரியாக 1,50,000 ரூபாய்தான். அந்தப் பாக்கி கூடாமல் இருந்திருந்தால் ரொக்கம் குறைந்திருக்காது, 90,000 கூடியிருக்கும்.

அடுத்த வருடம் புதிய கடனின் தவணையும் தொடங்குகிறது. ஐந்து வருடத் தவணை என்றால் வருடத்துக்கு அசல் 70,000. பழைய கடனின் 70,000ஐயும் சேர்த்தால் 1,40,000. வட்டி தனி. வீட்டுச் செலவு போக இந்த வருடம் மிஞ்சியதோ 1,39,000. புதிய தறி எவ்வளவு கூடுதலாக ஈட்டும் என்பது நெசவு ஓடுவதைப் பொறுத்தது. ஆனால் ஓட்டம் இப்படியே இருந்தால் அசலுக்கே ஆயிரம் ரூபாய் குறைகிறது.

இந்தத் தறிக்காரர் எங்களிடம் இன்னொரு கடன் கேட்டு வந்தால், 3,60,000 இலாபத்தை மட்டும் பார்க்கிறவர் தயங்காமல் கொடுத்துவிடுவார். அறிக்கையைப் பார்க்கிற நாங்கள் முதலில் 3,90,000 ரூபாய்ப் பாக்கிப் பட்டியலைத்தான் கேட்போம். யார் யார், எத்தனை நாளாக, எவ்வளவு? அவருக்குத் தேவை புதுக் கடனாக இல்லாமல், பழைய பாக்கியை வசூலிப்பதாகவே இருக்கலாம். இன்னொரு கடனைத் தலையில் ஏற்றி அனுப்பினால் அது அவருக்கும் உதவியாகாது, அமானத் பணத்துக்கும் பாதுகாப்பாகாது.

விண்ணப்பிக்கும் சகோதரர்கள் மார்ச் 31 நிலவரப்படி இந்த ஒரு பக்க அறிக்கையையும், வங்கி அறிக்கையின் ஏப்ரல் மாதப் பக்கத்தையும், வரவேண்டிய பாக்கிப் பட்டியலையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். கூட்டல் ஒத்து வராவிட்டாலும் பரவாயில்லை. வித்தியாசத்தை மூடாமல் அப்படியே எழுதிக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே தேடுவோம்.